சீலிங்குக்கு மேலே யாருக்கு எந்த இடம்?

பெரிய மருத்துவமனை ஒன்றின் நடைவழியில், தலைக்கு மேலே வெள்ளைச் சதுரங்களாகத் தெரியும் ஃபால்ஸ் சீலிங் பலகைகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பெரும் நெரிசல். ஏசி காற்றைக் கொண்டுபோகும் தகர டக்ட், குளிர்நீர் வந்து திரும்பும் இரண்டு தடித்த குழாய்கள், மின்கம்பிகளைச் சுமக்கும் கேபிள் ட்ரே, தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய், வார்டுகளுக்குப் போகும் ஆக்சிஜன் குழாய், மேல்தளக் கழிவறையிலிருந்து வரும் கழிவுநீர்க் குழாய். இத்தனைக்கும் மேலே கான்கிரீட் பீம்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து பீமுக்கும் சீலிங்குக்கும் நடுவே கிடைக்கும் உயரம் பல இடங்களில் இரண்டடிகூட இருக்காது.

இவற்றை வரைந்தவர்கள் வெவ்வேறு பொறியாளர்கள். மாட்டுகிறவர்கள் வெவ்வேறு கான்ட்ராக்டர்களின் ஆட்கள். டக்ட் ட்ராயிங்கைத் தனியாக விரித்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இராது. ப்ளம்பிங் ட்ராயிங்கும் அப்படித்தான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், டக்டின் நடுவயிற்றில் கழிவுநீர்க் குழாய் புகுந்து போவது கண்ணில் படும். கட்டுமானத் துறையில் இதற்குப் பெயர் ‘க்ளாஷ்’, அதாவது மோதல். கட்டடம் எழும்புமுன்பே கணினி மாடலில் இவற்றைத் தேடிப் பிடித்து, யார் விலகுவது என்று பேசி முடிப்பது இன்று தனியொரு தொழில். அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் எழும் கட்டடங்களுக்கான இந்த வேலையில் ஒரு பகுதி சென்னை, கோவை அலுவலகங்களில் நடக்கிறது.

முன்பு இதை எப்படிச் செய்தார்கள்? ஒவ்வொரு துறையின் ட்ராயிங்கையும் ஒளி ஊடுருவும் தாளில், ஒரே அளவில் வரைவார்கள். அடியில் விளக்கு எரியும் மேசை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுவார்கள். அனுபவசாலிகளின் கண்ணுக்கு நிறையவே சிக்கும். ஆனால் தாளில் உயரம் தெரியாது. இரண்டு கோடுகள் வெட்டினால் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் போகிறதா, உண்மையிலேயே முட்டுகிறதா என்பதை மனக்கணக்காகத்தான் போட வேண்டும். அந்த அளவுக்கும் வேலை செய்யாத இடங்களில் தீர்ப்பு சைட்டிலேயே நடந்தது: முதலில் வந்து மாட்டியவனுக்கு நேர்வழி, பின்னால் வந்தவனுக்கு வளைவு. கடைசியில் வந்தவன் மெஷினை வைத்து பீமில் ஓட்டை போடுவான். பீமுக்குள் இருக்கும் கம்பி அறுபட்டால் அது கட்டடத்தின் பலத்தில் கைவைப்பதுதான்.

இப்போது ஒவ்வொரு துறையும் தன் பங்கை முப்பரிமாண மாடலாகத் தருகிறது. கட்டடக் கலைஞரின் சுவர்கள், ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் பீம்கள், ஏசிக்காரரின் டக்ட், ப்ளம்பரின் குழாய், எலக்ட்ரிக்கல் ஆட்களின் ட்ரே எல்லாம் ஒரே மையப்புள்ளியை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைக்கப்படும். நேவிஸ்வொர்க்ஸ், சொலிப்ரி போன்ற மென்பொருள்கள் இந்தக் கூட்டு மாடலைச் சோதிக்கின்றன. நேவிஸ்வொர்க்ஸ் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தது. 2007ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. சோதனையின் அடிப்படை எளிது. ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொண்டு, பெட்டிகளே தொடாத ஜோடிகளை ஒதுக்கிவிடலாம். மிஞ்சிய ஜோடிகளில் மட்டும் பொருளின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒன்றின் முக்கோணம் மற்றதைக் குத்துகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒன்றை ஒன்று குத்துவது ஒரு வகை மோதல். தொடாமலேயே மோதுவது இன்னொரு வகை. இதைப் பிடிப்பதில்தான் மாடல் செய்கிறவரின் அறிவு தெரியும்.

எலக்ட்ரிக்கல் பேனலை எடுத்துக்கொள்ளலாம். அதைத் திறந்து வேலை செய்கிறவர் அவசரத்தில் பின்வாங்க இடம் வேண்டும். அமெரிக்க மின்விதியின்படி பேனலுக்கு முன்னால் குறைந்தது மூன்றடி காலியாக இருக்க வேண்டும்; பேனலின் நேர் மேலே உள்ள இடத்தில் வேறு குழாயோ டக்டோ வரக்கூடாது. தண்ணீர்க் குழாய் ஒன்று பேனலை எங்கும் தொடாமல் அதன் தலைக்கு மேலேயே போனால், கணினி அதை மோதல் என்று காட்டாது. அந்தக் காலியிடத்தையே ஒரு பெட்டியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளாக மாடலில் போட்டு வைத்தால்தான் காட்டும். வால்வைத் திருப்பக் கை நுழையும் இடம், ஏசி யூனிட்டின் ஃபில்டரை உருவி எடுக்கும் இடம் எல்லாம் இப்படி வரைந்து வைக்க வேண்டியவை.

இன்சுலேஷன் இன்னொரு பொறி. 150 மில்லிமீட்டர் குளிர்நீர்க் குழாய்க்குச் சுற்றிலும் 50 மில்லிமீட்டர் இன்சுலேஷன் வந்தால் அதன் உண்மையான தடிமன் கால் மீட்டரைத் தாண்டிவிடும். வெறும் இரும்புக் குழாயை மட்டும் வரைந்தவர் தன் மாடலில் மோதலே இல்லை என்று சந்தோஷப்படலாம். சைட்டில் இன்சுலேஷன் சுற்ற வருகிறவருக்குக் கை நுழையாது. சுற்றாமல் விட்ட இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து சொட்டும். சில மாதங்களில் ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை படியும். மாடலில் இன்சுலேஷன் இருக்கிறதா என்று கேட்பது மாடலைக் கையில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

முதல் தடவை சோதனையை ஓடவிட்டால் பெரிய கட்டடத்தில் மோதல்கள் ஆயிரக்கணக்கில் கொட்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்து அரண்டு போவதும் உண்டு, அதையே பெருமையாக அறிக்கையில் போடுவதும் உண்டு. இரண்டுக்கும் அவசியமில்லை. சுவரைத் துளைத்துப் போகும் குழாய் ஒவ்வொன்றும் மோதல் என்றே பதிவாகும். சுவரில் ஓட்டை விட்டால் தீர்ந்தது. சீலிங்கில் பொருத்திய விளக்கும் மோதல்தான், அது அங்கேதான் இருக்க வேண்டும். ஒரே கேபிள் ட்ரே ஒரே உயரத்தில் வரிசையாக இருபது பீம்களைக் குத்திக்கொண்டு போனால் பட்டியலில் இருபது மோதல்கள் விழும். உண்மையில் அது ஒரே பிரச்சினை, ட்ரேயை இறக்கினால் இருபதும் போய்விடும். ஆகவே முதல் வேலை வடிகட்டுவது. எதை எதோடு சோதிப்பது என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டுக்கொள்வார்கள்: முதலில் பீமோடு டக்ட், பீமோடு கழிவுநீர்க் குழாய், பிறகு டக்டோடு குழாய் என்று. இத்தனை மில்லிமீட்டருக்குக் குறைவான உரசல் வேண்டாம் என்று வரம்பும் வைப்பார்கள். வரம்பைத் தாராளமாக வைத்தால் பட்டியல் அழகாகச் சுருங்கும், கூடவே உண்மையான மோதல்களும் மறையும்.

வடிகட்டி மிஞ்சியதைக் குழுவாகச் சேர்த்தால், வாரக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசக்கூடிய சில பத்துப் பிரச்சினைகள் நிற்கும். அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்த வேலையின் தன்மை புரியும். கீழே வருவது எடுத்துக்காட்டுக்காக அமைத்தது, ஆனால் அளவுகள் எல்லாம் அன்றாடம் சந்திப்பவைதான்.

மருத்துவமனையின் முதல் தளம். தரையிலிருந்து மேல்தளத் தரை வரை 3,900 மில்லிமீட்டர். ஸ்லாபையும் சேர்த்து பீமின் ஆழம் 600. ஆகவே பீமின் அடிப்பகுதி தரையிலிருந்து 3,300ல் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் 2,600ல். விளக்குக்கும் சீலிங் சட்டத்துக்கும் 150 போனால், எல்லாருக்கும் மிஞ்சுவது 2,750க்கும் 3,300க்கும் இடைப்பட்ட 550 மில்லிமீட்டர். நடைவழி நெடுகப் போகும் டக்ட் 900 அகலம், 450 உயரம். இன்சுலேஷனோடு அதன் உயரம் 500. அது 2,770லிருந்து 3,270 வரை அடைத்துக்கொள்கிறது. இனி யாரும் அதற்கு மேலேயோ கீழேயோ நுழைய முடியாது. பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

மேல்தளக் கழிவறையின் 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய் டக்டின் பக்கத்திலேயே 12 மீட்டர் வந்து, கடைசியில் நடைவழியைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க ஷாஃப்டில் இறங்குகிறது. கழிவுநீர் தானாக ஓட வேண்டும். 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிவு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 12 மீட்டரில் குழாய் 240 மில்லிமீட்டர் இறங்கும். தொடக்கத்தில் பீமை ஒட்டி இருக்கும் அதன் அடிப்பகுதி, கடக்க வேண்டிய இடத்துக்கு வரும்போது 2,950ல் இருக்கும். அது டக்டின் நட்டநடு. திரையில் இரண்டும் சிவப்பும் பச்சையுமாக ஒளிர்கின்றன.

கூட்டத்தில் ப்ளம்பிங் தரப்பு முதலில் கேட்பது, “டக்டைத் தட்டையாக்கிக் குடுங்க சார்” என்றுதான். கேட்க நியாயமாக இருக்கும். 900க்கு 450 என்பதை 1,350க்கு 300 ஆக்கினால் காற்று போகும் பரப்பு மாறாது. ஆனால் இன்சுலேஷனோடு 350 உயரமான டக்டை எவ்வளவு தாழ்வாக வைத்தாலும் அதன் மேல்முகம் 3,100; குழாயின் அடியோ 2,950. இடிப்பது இடித்தபடியேதான். அதோடு அகலம் 1.2 மீட்டரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்க்ளர் விதியான என்.எஃப்.பி.ஏ. 13ன்படி நாலடிக்கு மேல் அகலமான தடுப்பு வந்தால் அதன் அடியிலும் ஸ்பிரிங்க்ளர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிருந்து பொழியும் தண்ணீர் அந்த நிழலில் விழாது. ப்ளம்பரும் ஏசிக்காரரும் பேசி முடித்த ஒரு தீர்வு, கூட்டத்துக்கே வராத தீயணைப்புக் கான்ட்ராக்டரின் தலையில் புதிய குழாய்களாக விழுந்திருக்கும். டக்ட் தட்டையாகத் தட்டையாகக் காற்று உரசும் பரப்பு கூடி, ஃபேன் அதிகமாக உழைக்க வேண்டிவருவதும் தனி.

அடுத்த யோசனை, பீமில் ஸ்லீவ் வைப்பது. கான்கிரீட் போடுமுன்பே பீம் அச்சுக்குள் ஒரு குழாய்த் துண்டை வைத்துவிட்டால் பின்னால் உடைக்க வேண்டாம்; கழிவுநீர்க் குழாய் பீம்களுக்குள் புகுந்து, டக்டுக்கு மேலாகவே போய்விடும். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்கள் பொதுவாக இதற்குப் பீமின் ஆழத்தில் நடு மூன்றிலொரு பங்கை, அதுவும் தூணை விட்டு விலகிய இடத்தில், அனுமதிப்பார்கள். மேலேயும் கீழேயும் ஓடும் முக்கியக் கம்பிகளைத் தொடக்கூடாது. தூணுக்குப் பக்கத்தில் பீமை வெட்டிப் பிளக்கப் பார்க்கும் விசை அதிகம். 600 ஆழ பீமில் நடுப்பங்கு 200. குழாய்க்கும் சுற்று இடைவெளிக்குமாக ஸ்லீவ் 160. ஏற்ற இறக்கத்துக்கு மிஞ்சுவது 40 மில்லிமீட்டர். குழாய் இரண்டு மீட்டர் போவதற்குள் அந்த 40ஐச் சரிவு தின்றுவிடும். பீம்கள் மூன்று மீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. முதல் பீமில் சரியான உயரத்தில் நுழைந்த குழாய், இரண்டாவது பீமிலேயே எல்லை தாண்டிவிடும். பொறியாளர் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

மூன்றாவது யோசனை மோதல் நடக்கும் இடத்திலிருந்து வரவில்லை. கட்டடக் கலைஞரைக் கேட்டதில் கிடைத்தது. கழிவறைக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில், துணிகள் வைக்கும் அறையின் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு புதிய ஷாஃப்ட் தர முடியுமா? தந்தால் குழாய் இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். இறக்கம் வெறும் 40 மில்லிமீட்டர். டக்டைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. கட்டடக் கலைஞர் சம்மதித்தார். எல்லாரும் அடுத்த பிரச்சினைக்குப் போக இருந்தபோது, மாடலைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்த மூலையிலிருந்து நேர் கீழே தரைத்தளத்துக்குப் பார்வையை இறக்கினார். அங்கே இருந்தது எலக்ட்ரிக்கல் அறை. ஷாஃப்ட் போய் இறங்கும் மூலையில் பேனல். கடைசியில் ஷாஃப்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அதன் கீழே எல்லாத் தளங்களிலும் வழி திறந்திருந்தது.

இதில் ஸ்லாபில் புதிய திறப்பு, சுற்றிலும் கூடுதல் கம்பி, தீ பரவாத ஷாஃப்ட் சுவர், மாற்றிய ப்ளம்பிங் ட்ராயிங் என்று நாலு பேருக்கு வேலை வருகிறது. ஸ்லாப் கான்கிரீட் போடும் தேதிக்கு முன்னால் என்றால் இவ்வளவும் ட்ராயிங் திருத்தம்தான். அடுத்த நாள் என்றால் ஸ்லாபை அறுக்க வேண்டும். அதனால்தான் நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் கூட்டத்தில் எடுக்கும் பிரச்சினைகளை மோதலின் அளவைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. எந்தத் தளத்துக்கு எப்போது கான்கிரீட் என்ற அட்டவணையைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள்.

யார் விலகுவது என்பதற்கு ஒரு பொது மரபும் உண்டு. பீம் நகராது. அதற்கு அடுத்து, சரிவில் ஓட வேண்டிய கழிவுநீர்க் குழாய். அதை மேலே ஏற்றி இறக்க வழியில்லை. பிறகு பெரிய டக்ட், பெரிய குளிர்நீர்க் குழாய். அழுத்தத்தில் ஓடும் சிறு குழாய்கள் ஏறி இறங்கலாம், ஆகவே அவை விட்டுக்கொடுக்கும். கேபிள் ட்ரேயும் சின்ன மின்குழாய்களும் கடைசியில். வளையக்கூடியவர் வளைய வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் ஒவ்வொரு வாரமும் தோற்பார். தடித்த கேபிளைக் கண்டபடி மடக்கவும் முடியாது. அதற்கென்று குறைந்தபட்ச வளைவு உண்டு. ஒவ்வொரு வளைவுக்கும் கூடுதல் ஃபிட்டிங், கூடுதல் கூலி. ஒரு துறையின் செலவைக் குறைக்க இன்னொரு துறை செலவழிக்கும்போது அந்தப் பணத்தை யார் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்காவிட்டால், கூட்டத்தில் தலையாட்டுகிறவர் சைட்டில் தன் வழியே போவார்.

முடிவெடுத்ததும் மோதலுக்கு ஒரு நிலை குறிக்கப்படும். நேவிஸ்வொர்க்ஸில் இதை வைத்தே ஏமாறலாம், ஏமாற்றவும் செய்யலாம். புதிதாக வந்தது ‘நியூ’, அடுத்த சோதனையிலும் இருந்தால் ‘ஆக்டிவ்’, காணாமல் போனால் ‘ரிசால்வ்ட்’. இந்தக் கடைசி நிலையை மென்பொருள் தானாகவே போடுகிறது. அந்த மோதல் இந்தத் தடவை கண்ணில் படவில்லை என்பதைத் தாண்டி அதற்கு வேறு பொருள் இல்லை. குழாயை ஒழுங்காக நகர்த்தியதாலும் காணாமல் போகலாம். கெடு நெருங்கிய பதற்றத்தில் யாரோ அந்தக் குழாய்த் துண்டை மாடலிலிருந்தே அழித்ததாலும் போகலாம். ‘அப்ரூவ்ட்’ என்பது ஆள் கையால் போடுவது, பார்த்தோம், இப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். வார அறிக்கையில் ‘அப்ரூவ்ட்’ எண்ணிக்கை திடீரென்று எகிறினால் பத்து இருபதைத் திறந்து பார்ப்பது நல்லது. சுவர் ஓட்டைகளாக இருந்தால் சரி. பீமாக இருந்தால் யாரோ குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளியிருக்கிறார்கள்.

இன்னும் ஆழமான ஒரு குறை எல்லா மோதலும் தீர்ந்த மாடலுக்குள்ளேயும் இருக்கலாம். 2011ல் அமெரிக்காவின் ‘இன்ஜினியரிங் நியூஸ்-ரெக்கார்ட்’ இதழ், கட்டட மாடலை முன்வைத்து எழுந்த ஒரு நஷ்டஈட்டு வழக்கைப் பற்றி எழுதியது. எக்ஸ்.எல். என்ற காப்பீட்டு நிறுவனம் தனக்குத் தெரிந்து இந்த வகையில் இதுவே முதல் வழக்கு என்று சொன்னது. பல்கலைக்கழகத்தின் பெயரும் மற்றவர்கள் பெயரும் வெளியிடப்படவில்லை. உயிரியல் ஆய்வகக் கட்டடம் அது. ஆய்வகம் என்றால் சீலிங்குக்கு மேலே காற்றும் குழாயும் மருத்துவமனையைப் போலவே அடர்ந்திருக்கும். கட்டடக் கலைஞரும் பொறியாளரும் மாடலை வைத்து அத்தனையையும் இழை இடைவெளியில் பொருத்திவிட்டார்கள். திரையில் எல்லாம் பொருந்தியது.

கான்ட்ராக்டர் வேலையை ஆரம்பித்து ஏறக்குறைய 70 சதவீதம் முடித்தபோது சீலிங்குக்கு மேலே இடம் தீர்ந்துபோனது. மிச்சம் உள்ளே போகவில்லை. காரணம், அந்த நெருக்கமான பொருத்தம் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாட்டினால் மட்டுமே சாத்தியம். எது முதலில், எது அதன் பிறகு என்பதை வடிவமைத்தவர்கள் கான்ட்ராக்டருக்குச் சொல்லவே இல்லை. கான்ட்ராக்டர் உரிமையாளர் மேல் வழக்குப் போட, உரிமையாளர் கட்டடக் கலைஞர் மேல் போட, காப்பீட்டு நிறுவனம் ஏசி, ப்ளம்பிங் பொறியாளரையும் உள்ளே இழுத்தது. சமரசத்துக்குப் பல மில்லியன் டாலர் போனது.

மாடலில் எல்லாப் பொருளும் ஒரே கணத்தில் தத்தம் இடத்தில் மிதக்கின்றன. சைட்டில் ஒன்றன்பின் ஒன்றாக, கீழிருந்து தூக்கி, ஏணியில் நிற்கும் இருவர் ஸ்பேனரைச் சுழற்றித்தான் மாட்ட வேண்டும். ஆறு மீட்டர் இரும்புக் குழாய் தன் இடத்தில் பொருந்தும். அந்த இடத்துக்குப் போகும் வழியில் ஏற்கெனவே மாட்டிய டக்ட் மறித்தால் அந்தப் பொருத்தத்தால் பயன் இல்லை. டக்டைத் தாங்கும் தொங்குகம்பிகளும் அவற்றுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டமும் பல மாடல்களில் வரையப்படுவதே இல்லை. மோதல் சோதனை இவை எதையும் கேட்காது. கேட்க வேண்டியவர் மாட்டுகிறவர்தான்.

வேறொரு வழியில் நடந்த கட்டடமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் கட்டப்பட்ட கமினோ மருத்துவக் கட்டடம், இரண்டரை லட்சம் சதுர அடி. அங்கே டக்ட், குழாய், மின்வேலை மாட்டும் கான்ட்ராக்டர்களை வடிவமைப்பு நடக்கும்போதே சேர்த்துக்கொண்டார்கள். வடிவமைப்பாளர் தந்த ட்ராயிங்கைப் பின்பற்றி, தாங்கள் உண்மையில் மாட்டப்போகும் அளவுக்கு மாடலை வரைந்தவர்கள் அந்தந்தக் கான்ட்ராக்டரின் ஆட்களே. பெரிய அறை ஒன்றில் எல்லாரும் அருகருகே உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் குழாயை நகர்த்தினால் பக்கத்து மேசைக்காரர் அங்கேயே, “என் வால்வு அங்கே வருது, கொஞ்சம் தள்ளிக்கோ” என்று சொல்லிவிடலாம். வாரக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

2008ல் வெளியான ஆய்வுக் கட்டுரை இதன் பலனைச் சொல்கிறது. மாடலில் வரைந்த குழாய், டக்ட், ட்ரேக்கள் சைட்டில் மாட்டும்போது ஒன்றோடொன்று மோதியது ஓரிடத்திலும் இல்லை. ஏசி கான்ட்ராக்டர் பிரித்து மறுபடி செய்த வேலை 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ப்ளம்பிங் குழாய்கள் முழுவதும் பட்டறையிலேயே வெட்டி ஒட்டி, துண்டுகளாக வந்து இறங்கின. கட்டுரையை எழுதியவர்களில் அந்தக் கட்டடத்தைக் கட்டிய டி.பி.ஆர். நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துப் படிக்கலாம். அப்படி வைத்தாலும் பட்டறை வேலை பற்றிய செய்தி கனமானது. மாடலை முழுமையாக நம்பாத ப்ளம்பர் ஒருவரும் குழாயை முன்கூட்டியே வெட்டமாட்டார். பத்து மில்லிமீட்டர் தவறினால் வெட்டியது அத்தனையும் பழைய இரும்புக்குத்தான்.

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து ஹூஸ்டனுக்கோ துபாய்க்கோ மாடல் செய்கிற இளம் பொறியாளர்களுக்கு இங்கேதான் சிரமம். மோதலைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் முடிவெடுக்கும் ப்ளம்பிங் ஃபோர்மேன் பக்கத்து மேசையில் இல்லை, ஹூஸ்டன் என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறார். அதனால் ஒரு மோதலை அனுப்பும்போது வெறும் படத்தை அனுப்பினால் ஒரு நாள் வீண். மறுநாள் காலையில் ‘எந்த பீம்?’ என்ற கேள்வி மட்டும் வந்து நிற்கும். தளம், பீமின் கிரிட் எண், இரண்டு பொருளின் உயரம், எத்தனை மில்லிமீட்டர் இடிக்கிறது, தாங்கள் சொல்லும் தீர்வு, அந்தத் தீர்வால் வேறு யார் நகர வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுதினால் ஒரே சுற்றில் முடியும். பி.சி.எஃப். என்ற கோப்பு வடிவம் இதற்கென்றே உருவானது. பார்வைக் கோணத்தையும் குறிப்பையும் சேர்த்துச் சுமந்து, எதிராளி எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் அதே மூலையில் கொண்டுபோய் நிறுத்தும். கோணத்தை அது தரும். யார் நகர வேண்டும் என்ற வரியை எழுத வேண்டியது அனுப்புகிறவர்.

எல்லாத் துறையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு மாடல் பூட்டப்படும். சைட்டில் கான்கிரீட் அவ்வளவு நேர்த்தியாக வருவதில்லை. அச்சுப் பலகை கொஞ்சம் தொய்ந்தால் பீமின் அடிப்பகுதி 20 மில்லிமீட்டர் கீழே நிற்கும். நம் நடைவழியில் டக்டுக்கும் பீமுக்கும் விட்டு வைத்திருந்த இடைவெளி மொத்தமே 30. ஆகவே இப்படி நெருக்கமான தளங்களில், முட்டு பிரித்ததும் லேசர் ஸ்கேனரை வைத்து உண்மையான பீம்களைப் படம் பிடித்து, அந்தப் புள்ளிகளை மாடலின் மேல் போட்டு இன்னொரு தடவை சோதிக்கிறார்கள். டக்ட் தகரத்தை வெட்டும்படி பட்டறைக்குச் சொல்வது அந்தச் சோதனையின் முடிவு வந்த பிறகுதான்.